எட்டு மணிக்குத் தொட்டி சூடாக இருக்க வேண்டும் என்றால்

நிக்கல் முலாம் பூசும் சின்னப் பட்டறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். சைக்கிள் ஹேண்டில்பார், கதவுக் கைப்பிடி, குழாய் மூடி என்று வருவதையெல்லாம் பளபளப்பாக்கிக் கொடுக்கும் இடம். அங்கே பிளாஸ்டிக்கில் செய்த ஒரு திறந்த தொட்டி இருக்கும். ஒரு மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், உள்ளே 40 செ.மீ. உயரத்துக்குப் பச்சை நிறக் கரைசல். மொத்தம் 200 லிட்டர். 1916இல் ஆலிவர் வாட்ஸ் என்ற அமெரிக்க வேதியியலாளர் வகுத்த கலவையின் வழிவந்தது அது: நிக்கல் சல்பேட், நிக்கல் குளோரைடு, போரிக் அமிலம். இது 55 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக இருந்தால்தான் முலாம் ஒழுங்காகப் பிடிக்கும். ஆறிய கரைசலில் வழக்கமான மின்னோட்டத்தைக் கொடுத்தால் பொருளின் ஓரங்கள் கருகிப் போகும்.

வேலையாட்கள் எட்டு மணிக்கு வருகிறார்கள். ஹீட்டர் சுவிட்சை எத்தனை மணிக்குப் போட வேண்டும்? எத்தனை கிலோவாட் ஹீட்டர் வாங்க வேண்டும்? கேள்வி இவ்வளவுதான். பள்ளிக்கூடக் கணக்கு இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. அந்த விடை தவறு. தவறு என்பதைவிட, அது எந்த இடத்தில் தவறுகிறது என்பதுதான் சுவாரசியம்.

பள்ளிக்கூடக் கணக்கை முதலில் போட்டுவிடலாம். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 1.163 வாட்-மணி மின்சாரம் வேண்டும். முலாம் கரைசலும் லிட்டர் கணக்கில் பார்த்தால் தண்ணீருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதனால் தண்ணீரின் எண்ணையே வைத்துக்கொள்வோம். 200 லிட்டருக்கு ஒரு டிகிரிக்கு 233 வாட்-மணி. இதுதான் தொட்டியின் வெப்பக் கொள்ளளவு. அறையின் வெப்பநிலை 30 டிகிரி. 55க்குப் போக 25 டிகிரி ஏற வேண்டும். 233ஐ 25ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 5,800 வாட்-மணி, அதாவது 5.8 யூனிட். ஒரு கிலோவாட் ஹீட்டர் மணிக்கு ஒரு யூனிட் கொடுக்கும். "ஆறு மணி நேரம் போதும்ணே, ராத்திரி ரெண்டு மணிக்கு டைமர் வச்சிருங்க" என்று ஹீட்டர் விற்பவர் சொல்லிவிட்டுப் போவார்.

இரண்டு மணிக்கு டைமர் ஹீட்டரைப் போடும். காலை எட்டு மணிக்கு வெப்பமானி 46 காட்டும். பகல் பன்னிரண்டு மணிக்குச் சுமார் 50. மாலையில் 53ஐத் தாண்டியிருக்கும். மறுநாளும் அணைக்காமல் விட்டால் 54, 54.5, 54.8. 55 மட்டும் வரவே வராது.

ஹீட்டரில் கோளாறு இல்லை. பள்ளிக்கூடக் கணக்கு வரவை மட்டும் எழுதியது, செலவை எழுதவில்லை. தொட்டி சூடேறச் சூடேற, அது அறைக்குள் வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கிறது. எந்த ஒரு கணத்திலும், ஹீட்டர் தருவதிலிருந்து அறைக்குப் போவதைக் கழித்தால் மிஞ்சுவது மட்டுமே கரைசலின் வெப்பநிலையை ஏற்றும். இதைச் சமன்பாடாக எழுதினால் இப்படி வரும்:

C × (dT/dt) = P − K × (T − Ta)

C என்பது தொட்டியின் கொள்ளளவு, டிகிரிக்கு 233 வாட்-மணி. P ஹீட்டரின் வாட். T கரைசலின் வெப்பநிலை, Ta அறையின் வெப்பநிலை. K என்பதுதான் புதிது: கரைசல் அறையைவிட ஒரு டிகிரி அதிகமாக இருந்தால் எத்தனை வாட் வெளியேறுகிறது என்ற எண். இழப்பு வெப்பநிலை வித்தியாசத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்ற இந்த எண்ணம் 1701இல் நியூட்டன் வெளியிட்டது. பழுக்கக் காய்ச்சிய இரும்புத் துண்டைச் சீராக வீசும் காற்றில் ஆறவிட்டு அவர் கண்டது. நம் தொட்டிக்கு அது எவ்வளவு பொருந்தும் என்று கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்.

இந்தச் சமன்பாட்டுக்குள் ஒரு துணிச்சலான அனுமானம் ஒளிந்திருக்கிறது. 200 லிட்டருக்கும் சேர்த்து T என்று ஒரே ஒரு எண் போட்டிருக்கிறோம். மேலே, கீழே, மூலையில், ஹீட்டருக்கு அருகில் எல்லா இடத்திலும் ஒரே சூடு. தொட்டி முழுவதும் ஒரே திரள். பொறியியல் மாணவர்கள் இதை 'லம்ப்டு கெப்பாசிட்டன்ஸ்' என்ற பெயரில் படிக்கிறார்கள். உள்ளே வெப்பம் சுலபமாகப் பரவி, வெளியே போவதற்கு மட்டும் சிரமப்படும் இடங்களில் இந்த அனுமானம் செல்லும். கலக்கிக்கொண்டிருக்கும் திரவத்தில் நன்றாகவே செல்லும். கலக்காத தொட்டியில் என்ன ஆகும் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

K எவ்வளவு? இந்தத் தொட்டிக்கு, காற்றோட்டம் அதிகம் இல்லாத அறையில், 55 டிகிரியில் கணக்கிட்டால் மொத்த இழப்பு ஏறக்குறைய 1,000 வாட் வருகிறது. பிளாஸ்டிக் சுவர்களும் அடிப்பகுதியும் சேர்ந்து 300 வாட் போலக் கடத்துகின்றன. திறந்த மேற்பரப்பிலிருந்து காற்றுக்கு நேராகவும் கதிர்வீச்சாகவும் போவது 150 வாட். மிச்சம் 550 வாட்டும் ஆவியாதலில் போகிறது. மேற்பரப்பு அரைச் சதுர மீட்டர்தான். சுவரும் அடியும் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். ஆனாலும் இழப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கும் அதிகமாக மேற்பரப்பு வழியாகவே போகிறது. தண்ணீரிலிருந்து ஒரு லிட்டர் ஆவியாகிப் போகும்போது தன்னோடு 0.65 யூனிட் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது என்பதே காரணம்.

25 டிகிரி வித்தியாசத்துக்கு 1,000 வாட் என்றால் டிகிரிக்கு 40 வாட். K = 40.

இப்போது ஒரு கிலோவாட் ஹீட்டர் ஏன் 55ஐத் தொடவில்லை என்பது தெரிந்துவிடும். 55 டிகிரியில் செலவு 1,000 வாட், வரவும் 1,000 வாட். மிச்சம் சுழியம். ஏற்றுவதற்கு எதுவும் இல்லை. வரவும் செலவும் சமமாகும் இந்த இடத்தைத்தான் நிலையான வெப்பநிலை என்கிறோம்:

Ts = Ta + P/K

30 கூட்டல் 1000/40, அதாவது 55. இந்தச் சூத்திரத்தில் C இல்லை என்பதைக் கவனியுங்கள். இதே K உள்ள தொட்டியில் 200 லிட்டருக்குப் பதில் 400 லிட்டர் இருந்தாலும் கடைசியில் நிற்கும் இடம் அதேதான். போய்ச் சேரும் நேரம்தான் இரட்டிப்பாகும். எங்கே நிற்கும் என்பதைக் கரைசலின் அளவு தீர்மானிப்பதில்லை. ஹீட்டரும் இழப்பும் தீர்மானிக்கின்றன.

நேரத்துக்கு வருவோம். கரைசல் தன் நிலையான வெப்பநிலையை நோக்கி முதலில் வேகமாகவும், நெருங்க நெருங்க மெதுவாகவும் போகும். அந்தப் பயணத்தின் அளவுகோல் C/K. நமக்கு 233ஐ 40ஆல் வகுத்தால் 5.8 மணி. அறை வெப்பநிலையிலிருந்து புறப்பட்டால் முதல் 5.8 மணியில் மொத்த ஏற்றத்தில் 63 சதவீதம் முடியும். அடுத்த 5.8 மணியில், மிஞ்சியதில் 63 சதவீதம். மறுபடி மிஞ்சியதில் 63 சதவீதம். ஒரு கிலோவாட் தொட்டி காலை எட்டு மணிக்கு 46இல் இருந்தது இதனால்தான்: 25இல் 63 சதவீதம், கிட்டத்தட்ட 16.

குறிப்பிட்ட வெப்பநிலைக்கு ஆகும் நேரம்:

t = (C/K) × ln[(Ts − T0)/(Ts − T)]

T0 தொடங்கிய வெப்பநிலை, T சேர வேண்டியது. ln என்பது கைபேசிக் கால்குலேட்டரைப் படுக்கையாகத் திருப்பினால் தெரியும் பொத்தான்களில் ஒன்று. 2 கிலோவாட் ஹீட்டர் போட்டுப் பார்ப்போம். Ts = 30 + 2000/40 = 80. அடைப்புக்குள் (80 − 30)/(80 − 55), அதாவது 2. ln 2 என்பது 0.693. 5.8ஆல் பெருக்கினால் 4 மணி நேரம். பள்ளிக்கூடக் கணக்கு சொல்வது 2 மணி 55 நிமிடம். அதிகாலை நான்குக்குப் போட்டால் எட்டுக்குத் தயார்.

ஒன்றரைக் கிலோவாட் போட்டால்? Ts 67.5. நேரம் 6.4 மணி. மூன்று கிலோவாட்டுக்கு 2.4 மணி. ஹீட்டரின் திறனை ஒன்றரையிலிருந்து மூன்றாக இரட்டிப்பாக்கினால் நேரம் பாதியாகவில்லை, பாதியைவிடக் குறைகிறது. பெரிய ஹீட்டர் சீக்கிரம் முடித்துவிடுவதால் வழியில் இழப்பதும் குறைவு. மூன்று கிலோவாட் 2.4 மணியில் எரிப்பது 7.1 யூனிட், ஒன்றரைக் கிலோவாட் 6.4 மணியில் எரிப்பது 9.6 யூனிட். சின்ன ஹீட்டர் சிக்கனம் என்ற நம்பிக்கை பல பட்டறைகளில் இருக்கிறது. திறந்த தொட்டியில் அது நேர் எதிர். சூடேற்றுவதற்கு மட்டும்தான் இது. சூடேறிய பிறகு எந்த ஹீட்டராக இருந்தாலும் தெர்மோஸ்டாட் விட்டுவிட்டுப் போட்டு மணிக்கு ஒரு யூனிட் இழப்பை ஈடுகட்டியாக வேண்டும். எட்டு மணி நேர வேலைக்கு எட்டு யூனிட்.

K = 40 என்று நான் கணக்குப் போட்டுச் சொன்னது ஒரு மதிப்பீடு. மேலே எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால், தொட்டிக்குள் காற்றுக் குமிழிவிட்டுக் கலக்கினால், மழைக்காலத்து ஈரக்காற்றாக இருந்தால் எண் மாறும். உங்கள் தொட்டியின் K உங்களுக்கு வேண்டுமானால் அளந்துவிடுவதே நல்லது. ஒரு வெப்பமானியும் கைக்கடிகாரமும் போதும். 55இல் இருக்கும்போது ஹீட்டரை அணைத்துவிட்டு, கரைசலை நன்றாகக் கலக்கிக்கொண்டே அரை மணி நேரம் ஆறவிடுங்கள். 52.9க்கு இறங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2.1 டிகிரி இறக்கம், டிகிரிக்கு 233 வாட்-மணி: 489 வாட்-மணி அரை மணியில் போயிருக்கிறது. அதாவது 978 வாட் வேகத்தில். அந்த அரை மணியில் அறையைவிடச் சராசரியாக 24 டிகிரி அதிகமாக இருந்தது. 978ஐ 24ஆல் வகுத்தால் 41.

இதைச் சரிபார்க்க ஓர் ஸ்கேலும் உதவும். காலையில் தொட்டியின் உள்சுவரில் கரைசல் நிற்கும் உயரத்தைக் குறித்துவிட்டு மாலையில் பாருங்கள். அரைச் சதுர மீட்டர் பரப்பில் இரண்டு மி.மீ. இறங்கினால் ஒரு லிட்டர் போயிருக்கிறது என்று பொருள். எட்டு மணி நேரத்தில் 13 மி.மீ. இறங்கியிருந்தால் ஆறரை லிட்டர், லிட்டருக்கு 0.65 யூனிட் வீதம் நான்கேகால் யூனிட் ஆவியாகவே போயிருக்கிறது. சராசரியாகச் சுமார் 530 வாட். மேலே சொன்ன 550க்கு மிக அருகில். பொருளைத் தூக்கும்போது அதோடு ஒட்டிக்கொண்டு போகும் கரைசலும் இதில் சேர்ந்துவிடும் என்பதால், பொருள் போடாத ஒரு நாளில் இதைச் செய்வது நல்லது.

இப்போது நியூட்டனின் நேர்விகிதத்தைப் பற்றி. சுவர் வழி இழப்பு அதற்கு ஓரளவு அடங்கும். ஆவியாதல் அடங்காது. தண்ணீரின் ஆவி அழுத்தம் வெப்பநிலையோடு நேர்கோட்டில் ஏறுவதில்லை, செங்குத்தாக வளைந்து ஏறுகிறது. அதனால் K நிலையான எண் அல்ல: இதே தொட்டிக்கு 42 டிகிரியில் 32 போல, 55இல் 40, 65இல் 46 போல வருகிறது. 55க்குக் கீழேயே வேலை முடிகிறது என்றால் 40ஐ வைத்துப் போடும் கணக்கு சற்றுக் கூடுதல் நேரம் காட்டும், பாதகமில்லை. ஆனால் அதே எண்ணை மேலே நீட்டக்கூடாது. ஒன்றரைக் கிலோவாட்டுக்கு நிலையான வெப்பநிலை 67.5 என்று சூத்திரம் சொன்னதே, உண்மைத் தொட்டி 63, 64இலேயே நின்றுவிடும். மூன்று கிலோவாட்டுக்கு அது 105 என்று காட்டும். தண்ணீர் 105க்குப் போகாது என்பது யாருக்கும் தெரியும். அந்த 105 நேரக் கணக்குக்குள் பயன்படும் ஒரு கற்பனை இலக்கு. தொட்டி அங்கே போகப்போவதில்லை, 55இல் தெர்மோஸ்டாட் நிறுத்திவிடும்.

ஒரே திரள் என்ற அனுமானம் உடைவதுதான் நடைமுறையில் அதிகம் தொல்லை தருவது. பகலில் காற்றுக் குமிழி ஓடும், பொருள் தொங்கும் கம்பி ஆடும். கரைசல் கலங்கிக்கொண்டே இருக்கும். விடிகாலையில் டைமர் ஹீட்டரை மட்டும் போடுகிறது, கலக்குவதற்கு எதுவும் இல்லை. சூடான திரவம் மேலே போகும். ஹீட்டரின் அடிமுனைக்குக் கீழே உள்ளது அப்படியே குளிர்ந்து கிடக்கும். தெர்மோஸ்டாட்டின் உணரி மேல்பகுதியில் தொங்கினால் அது 55ஐப் பார்த்து ஹீட்டரை அணைத்துவிடும். எட்டு மணிக்கு வருபவர் 55ஐப் பார்த்துவிட்டுக் காற்றைத் திறப்பார். ஐந்தே நிமிடத்தில் 49. 'வெப்பமானி பொய் சொல்கிறது' என்று அதை மாற்றுபவர்கள் உண்டு. வெப்பமானி உண்மையைத்தான் சொன்னது, மேல் அடுக்கின் உண்மையை. நிக்கல் தொட்டியில் இதற்கு இன்னோர் அடையாளமும் உண்டு: அடியில் குளிர்ந்த மூலையில் போரிக் அமிலம் வெள்ளைப் படிகமாக ஒதுங்கியிருக்கும். டைமரில் காற்று பம்பையும் சேர்த்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது.

இன்னொரு சிக்கல் மின்னழுத்தம். 230 வோல்ட்டுக்கு 2,000 வாட் என்று எழுதியிருக்கும் ஹீட்டர், 200 வோல்ட்டில் 1,500 வாட்தான் தரும். திறன் அழுத்தத்தின் வர்க்கமாகக் குறைகிறது. கால் பங்கு திறன் குறைந்ததற்கு, நேரம் நான்கு மணியிலிருந்து ஆறேகால் மணிக்கு மேல் போய்விடுகிறது. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. முதல் அரை மணி நேரத்தில் கரைசல் அறை வெப்பநிலையை ஒட்டியே இருப்பதால் இழப்பு மிகக் குறைவு. ஏற்றம் ஏறக்குறைய முழுதும் ஹீட்டரின் கணக்கு. 2 கிலோவாட் சரியாக வந்தால் 30இலிருந்து 34.1 ஆகும். 33.1 என்றால் ஒன்றரைக் கிலோவாட்தான் வந்துகொண்டிருக்கிறது. தொடக்கம் சரியாக இருந்து, கடைசியில் மட்டும் தேங்கினால் குற்றம் ஹீட்டரில் இல்லை, இழப்பில். யாரோ எக்ஸாஸ்ட் ஃபேனை இரவெல்லாம் ஓடவிட்டிருக்கலாம்.

K-ஐக் குறைப்பது பெரிய ஹீட்டர் வாங்குவதைவிட மலிவு. முலாம் பட்டறைகளில் கரைசலின் மேல் உள்ளீடற்ற பிளாஸ்டிக் பந்துகளை மிதக்கவிடுவார்கள். ஒரே அளவுப் பந்துகள் நெருங்கி அடைந்தால் பரப்பில் 90 சதவீதம் மூடிக்கொள்ளும். பொருளை இறக்கும்போது விலகி, பிறகு தாமாகவே கூடிக்கொள்ளும். K பாதியாகி 20க்கு வந்தால், 55ஐத் தொடவே முடியாமலிருந்த அதே ஒரு கிலோவாட் ஹீட்டர் எட்டு மணி நேரத்தில் அங்கே போய்ச் சேரும். பகல் முழுவதும் 55இல் வைத்திருக்கும் செலவும் எட்டு யூனிட்டிலிருந்து நான்காகும்.

இரவுக்குப் பந்தும் வேண்டாம், ஒரு பிளாஸ்டிக் பலகை மூடி போதும். மூடினால் K 17 போல இறங்கும். மாலை ஆறு மணிக்கு 55இல் விட்ட தொட்டி காலை ஆறு மணிக்கு 40இல் இருக்கும். மூடாமல் விட்டிருந்தால் 34, 35. மூடியை எடுக்காமலே 2 கிலோவாட்டைப் போட்டால் 40இலிருந்து 55க்கு இரண்டு மணி நேரமும் ஐந்து நிமிடமும். நான்கு மணிக்கு வைத்திருந்த டைமரை ஆறுக்கு ஐந்து நிமிடம் முன்னால் வைக்கலாம்.

டைமர் வைப்பவர்கள் இதில் ஒன்றை மட்டும் விட்டுவிடக்கூடாது. நாளைக்கு 13 மி.மீ. இறங்கும் தொட்டியில் இரண்டு மூன்று நாள் தண்ணீர் ஊற்ற மறந்தால் ஹீட்டரின் சூடாகும் பகுதி கரைசலுக்கு வெளியே வந்துவிடும். காற்றில் நிற்கும் அந்த இடத்துக்குத் திரவத்தில் போகும் வெப்பம் போக வழியில்லை. K சட்டென்று மிகச் சிறிய எண்ணாகிவிடுகிறது, Ts பல நூறு டிகிரிக்கு ஏறுகிறது. பக்கத்தில் இருப்பது பிளாஸ்டிக் சுவர், பட்டறையில் அந்த நேரத்துக்கு ஆள் கிடையாது. மிதவை வைத்த லெவல் சுவிட்ச் ஒன்று, மட்டம் இறங்கினால் ஹீட்டருக்குப் போகும் மின்சாரத்தை வெட்டும்படி டைமரோடு தொடராக இணைக்கப்பட வேண்டும். அது வெட்டும் மட்டம், ஹீட்டரில் போட்டிருக்கும் குறைந்தபட்ச மட்டக் கோட்டுக்குச் சில செ.மீ. மேலேயே இருக்க வேண்டும்.